ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் கிளைமில் தேய்மானம் அதிகமாகப் பிடித்தால் கம்பெனிக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

வாசுகி, தண்டையார்பேட்டை | 11 பிப்ரவரி 2025

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி உரசி ஸ்கூட்டர் வலது பக்கமாக விழுந்தது. விபத்து நாள் 20.01.2025. வண்டி பதிவான நாள் 14.06.2022. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் டிசம்பர் 2021. சாதாரண முழு பாலிசி, தேய்மானம் பிடிக்காமல் தருகிற நில் டெப் எடுக்கவில்லை.

பில் வரியோடு 16,600 ரூபாய். கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்தது 10,225. மீதி 6,375 நான் கட்டித்தான் வண்டியை எடுத்தேன். கேட்டால் "தேய்மானம், விதிப்படி" என்று மட்டும் சொல்கிறார்கள். பிடித்தம் அதிகம் என்று தோன்றுகிறது. எந்த இடத்தைக் குறிப்பிட்டு எழுதுவது?

மணலி பாலு | 11 பிப்ரவரி 2025

இரண்டு வருடம் தாண்டி மூன்று வருடத்துக்குள் இருக்கிற வண்டிக்கு 30 சதவீதம் தேய்மானம். பாலிசியிலேயே அட்டவணை போட்டிருக்கும், பாருங்கள். பிளாஸ்டிக்குக்குப் பாதி போய்விடும். 6,375 ஒன்றும் அநியாயம் இல்லை. கிளறினால் இன்னும் குறையலாம்.

குமரேசன் (சர்வே வேலை) | 11 பிப்ரவரி 2025

பாலு, நீங்கள் சொல்வது வேறு அட்டவணை. 5, 15, 20, 30, 40, 50 என்று போகிறதே, அது வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐடிவியைக் கணக்கிட. வண்டி திருடு போனாலோ, சரிசெய்ய முடியாத அளவுக்கு நொறுங்கினாலோ கொடுக்கிற தொகைக்கு அது அடிப்படை. பாகம் மாற்றுகிற கிளைமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பாகங்களுக்கான விகிதம் பாலிசி புத்தகத்தில் பிரிவு 1-இல், எந்தெந்த ஆபத்துக்குக் காப்பு என்ற பட்டியல் முடிந்த உடனே வரும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், டியூப், பேட்டரி எல்லாம் 50 சதவீதம். ஃபைபர் கிளாஸ் 30. கண்ணாடிக்குப் பிடித்தமே இல்லை. மற்ற எல்லாப் பாகத்துக்கும் வண்டியின் வயதுதான் கணக்கு: ஆறு மாதம் வரை எதுவும் இல்லை, ஒரு வருடம் வரை 5, இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50.

வாசுகி, இந்தத் தேய்மானம் மாற்றப்பட்ட பாகத்துக்கு மட்டும்தான். தட்டி நிமிர்த்திய பாகத்துக்கோ கூலிக்கோ கிடையாது. ஒர்க்‌ஷாப் பில் மட்டும் போதாது, கம்பெனி போட்ட மதிப்பீட்டுத் தாளும் வேண்டும். அதில்தான் ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை சதவீதம் என்று இருக்கும். மெயிலில் கேளுங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை. வந்ததும் வரி வரியாக இங்கே போடுங்கள்.

காலடிப்பேட்டை ரவி | 12 பிப்ரவரி 2025

லாரி நம்பர் இருக்கிறதா? லாரியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்தில் போடலாமே. எதற்கு நம் கம்பெனியோடு மல்லுக்கட்டு?

குமரேசன் | 12 பிப்ரவரி 2025

அது தனி வழி. காவல் நிலையத்தில் பதிவு வேண்டும், லாரி மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டும். இவர் கேட்பது தன் சொந்தப் பாலிசியின் கணக்கு சரியா என்று. அதற்கு லாரிக்காரர் யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

வாசுகி | 17 பிப்ரவரி 2025

மதிப்பீட்டுத் தாள் வந்துவிட்டது. எல்லாம் வரியோடு.

வலது பக்கப் பேனல் 2,400, முன் மட்கார்டு 1,500. இரண்டுக்கும் 50 சதவீதம்.
முன் ஃபோர்க் செட் 3,600, ஹேண்டில் பைப் 900. இரண்டுக்கும் 25 சதவீதம்.
முன் பேனல் 1,800, ஹெட்லைட் 1,600, ஹேண்டில் கவர் 600. மூன்றுக்கும் 50 சதவீதம்.
பெயின்டிங் 2,400. 50 சதவீதம்.
கூலி 1,800. பிடித்தம் இல்லை.
கட்டாயப் பிடித்தம் 100.

குமரேசன் | 17 பிப்ரவரி 2025

மூன்று இடத்தில் கேள்வி கேட்கலாம்.

முதலில் பெயின்டிங், அதுதான் உங்களிடம் இருப்பதிலேயே வலுவானது. பெயின்டிங் பில் மொத்தமாக ஒரே தொகையாக இருந்தால், அதில் கால் பங்கைத்தான் பொருள் செலவு என்று எடுக்க வேண்டும். அந்தக் கால் பங்குக்கு மட்டும் 50 சதவீதம். 2,400-இல் கால் பங்கு 600, அதில் பாதி 300. அவர்கள் முழுத் தொகைக்கும் பாதி போட்டு 1,200 பிடித்திருக்கிறார்கள். 900 ரூபாய் அதிகம். இது பாலிசி வாசகத்திலேயே இருப்பதால் மறுத்துப் பேச வழியில்லை.

அடுத்தது பக்கப் பேனலும் மட்கார்டும். உங்கள் மாடலில் இரண்டும் இரும்புத் தகடா பிளாஸ்டிக்கா என்று தெரிய வேண்டும். தகடு என்றால் 50 என்பது தப்பு.

கடைசியாக ஃபோர்க்கும் ஹேண்டில் பைப்பும். பதிவு நாளிலிருந்து விபத்து வரை 2 வருடம் 7 மாதம், அதனால் 15 சதவீதம். 25 போட்டிருப்பதைப் பார்த்தால் தயாரிப்பு மாதத்திலிருந்து எண்ணி மூன்றைத் தாண்டிவிட்டது என்று எடுத்திருக்கிறார்கள். இதில் வாதம் உண்டு, ஆனால் வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன். பாகங்களுக்கான அட்டவணையில் "வண்டியின் வயது" என்று மட்டும்தான் போட்டிருக்கும், எந்த நாளிலிருந்து என்று இருக்காது. உங்கள் பாலிசியில் வேறு எங்காவது வயதுக்கு விளக்கம் இருக்கிறதா என்று தேடிவிட்டு எழுதுங்கள்.

முன் பேனல், ஹெட்லைட், ஹேண்டில் கவர் மூன்றுக்கும் 50 சரிதான். அதைத் தொடாதீர்கள். ஹெட்லைட் முகப்பு பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக். சரியான பிடித்தத்தையும் சேர்த்து எதிர்த்தால் மற்ற மூன்றையும் அதே கண்ணோடு பார்ப்பார்கள்.

யூசுப் (ஒர்க்‌ஷாப்) | 17 பிப்ரவரி 2025

பேனல் தகடா என்று பார்க்க ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் போதும். பெயின்ட் மேலேயே வையுங்கள். தகடு என்றால் கவ்விப் பிடிக்கும், பிளாஸ்டிக் என்றால் வழுக்கி விழும். ஓரத்தில் ஸ்டிக்கர் இல்லாத இடமாகப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. காந்தம் ஒட்டவில்லை என்பதால் பிளாஸ்டிக் என்று ஆகிவிடாது. அலாய் வீல், பிரேக் லீவர் எல்லாம் அலுமினியம், காந்தம் ஒட்டாது. ஆனால் உலோகம்தான், வயதுக் கணக்கில்தான் வர வேண்டும். அலாய் வீலுக்கு 50 போட்ட தாளும் வருவதுண்டு.

ஏன் இப்படி ஆகிறது என்றால், எஸ்டிமேட்டில் "பேனல்" என்றுதான் டைப் செய்கிறோம். தாள் போடுகிறவர் போட்டோவில் பெயின்ட் அடித்த பாகத்தைப் பார்க்கிறார். நிறைய ஸ்கூட்டரில் பாடி பிளாஸ்டிக் என்பதால் அந்தப் பழக்கத்தில் 50 விழுந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப் லெட்டர்ஹெட்டில் "இந்தப் பார்ட் நம்பர் இரும்புத் தகடு" என்று இரண்டு வரி வாங்கி இணையுங்கள்.

வாசுகி | 18 பிப்ரவரி 2025

காந்தம் வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் கவ்வுகிறது. மட்கார்டின் கீழ் ஓரம் மட்டும் ஒட்டவில்லை, அங்கே கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்று தனியாக மாட்டியிருக்கிறது.

யூசுப் | 18 பிப்ரவரி 2025

அது தனிப் பார்ட், தனி விலை. உங்கள் பில்லில் அது இல்லை. பழையதையே கழற்றி மாட்டியிருப்பார்கள்.

மணலி பாலு | 18 பிப்ரவரி 2025

ஐடிவி அட்டவணையைச் சொன்னது தப்புதான், பாலிசியை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் பெயின்டிங்குக்கு ஒரு யோசனை: பொருள் தனி, கூலி தனி என்று பிரித்து பில் வாங்கிக் கொடுத்தால் தெளிவாக இருக்குமே?

குமரேசன் | 18 பிப்ரவரி 2025

வேண்டாம். பிரித்து பில் போட்டால் உண்மையான பொருள் செலவில் பாதி போகும். 2,400-இல் பெயின்ட், பிரைமர், தின்னர், லாக்கர் எல்லாம் சேர்த்து 1,400 என்று காட்டினால் பிடித்தம் 700. ஒரே தொகையாக இருந்தால் 300-தான். அதோடு கிளைம் முடிந்த பிறகு பில்லை மாற்றினால் சந்தேகம் வரும். இருக்கிற பில்லோடு நில்லுங்கள்.

எர்ணாவூர் ஸ்டெல்லா | 20 பிப்ரவரி 2025

எனக்கு நில் டெப் இருக்கிறது. அப்படியும் 640 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். இதே கடிதத்தை நானும் அனுப்பலாமா?

யூசுப் | 20 பிப்ரவரி 2025

640 எதற்கு என்று தாளில் இருக்கிறதா அக்கா?

எர்ணாவூர் ஸ்டெல்லா | 20 பிப்ரவரி 2025

100 கட்டாயப் பிடித்தம். 540-க்கு ஆயில், போல்ட், கிளிப், கிரீஸ் என்று போட்டிருக்கிறது.

குமரேசன் | 20 பிப்ரவரி 2025

அது தேய்மானம் இல்லை. நில் டெப் இருந்தாலும் 100 போகும். ஆயில், கிரீஸ், போல்ட் வகைக்குத் தனி ஆட்-ஆன் உண்டு, அது எடுக்காவிட்டால் தர மாட்டார்கள். இந்தக் கடிதம் உங்களுக்குப் பொருந்தாது. விழுந்தபோது எஞ்சின் கேஸ் உடைந்து ஆயில் கொட்டியதா? அப்படி என்றால் அந்த ஆயிலை மட்டும் விபத்துச் சேதம் என்று கேட்டுப் பார்க்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி பதில் மாறும்.

வாசுகி | 21 பிப்ரவரி 2025

இப்போதுதான் நினைவு வருகிறது. வண்டி எடுக்கும்போது "வேலை திருப்தி" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு கேட்க முடியுமா?

குமரேசன் | 21 பிப்ரவரி 2025

முடியும். வண்டியைச் சரியாகப் பழுது பார்த்தார்கள் என்பதற்கு அந்தக் கையெழுத்து. கணக்கை ஏற்றுக்கொண்டேன் என்று ஆகாது. முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்கிற ரசீதில் கையெழுத்து வாங்கியிருந்தால்கூட, அதைக் காட்டிக் கூடுதல் தொகை கேட்கிற உரிமையைப் பறிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், போதும்.

இதோ கடிதம். கிளைக்கு அல்ல, பாலிசியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற குறைதீர் அதிகாரியின் மெயிலுக்கு அனுப்புங்கள். ஒரு பிரதி ஸ்பீட் போஸ்டில். பாகங்களின் பெயரை மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறபடியே எழுதுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

> பெறுநர்: குறைதீர் அதிகாரி
> பொருள்: கிளைம் எண் ____, பாலிசி எண் ____, வண்டி எண் ____ – தேய்மானப் பிடித்தத்தில் பிழை, ரூ.2,715 மீதம் தரக் கோருதல்
>
> ஐயா / அம்மையீர்,
>
> 20.01.2025 விபத்துக்கான மேற்படி கிளைமில் ரூ.16,600 பில்லுக்கு ரூ.10,225 கொடுத்துள்ளீர்கள். பிடித்தம் ரூ.6,375. பாலிசி பிரிவு 1-இல் உள்ள தேய்மான விகிதப்படி பிடித்தம் ரூ.3,660 மட்டுமே வர வேண்டும். பிழைகள்:
>
> பெயின்டிங்: ரூ.2,400 ஒரே தொகையான பில். பொருள் செலவாக 25% (ரூ.600) எடுத்து அதில் 50% (ரூ.300) பிடிக்க வேண்டும். முழுத் தொகைக்கும் 50% போட்டு ரூ.1,200 பிடித்துள்ளீர்கள். அதிகம் ரூ.900.
>
> வலது பக்கப் பேனல், முன் மட்கார்டு: இரண்டும் இரும்புத் தகடு. ஒர்க்‌ஷாப் சான்றும் படங்களும் இணைப்பில். பிளாஸ்டிக் விகிதத்தில் ரூ.1,950 பிடித்துள்ளீர்கள். 15% என்றால் ரூ.585. அதிகம் ரூ.1,365.
>
> ஃபோர்க் செட், ஹேண்டில் பைப்: வண்டி பதிவான நாள் 14.06.2022. விபத்தின்போது வயது 3 ஆண்டுக்குள். 25% (ரூ.1,125) அல்ல, 15% (ரூ.675). அதிகம் ரூ.450. 25% என்பதில் நிற்பதானால், வயதை எந்த நாளிலிருந்து, பாலிசியின் எந்த வாசகப்படி எண்ணினீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.
>
> முன் பேனல், ஹெட்லைட், ஹேண்டில் கவர் பிடித்தத்திலும் கட்டாயப் பிடித்தம் ரூ.100-இலும் எனக்கு மறுப்பில்லை. கொடுத்த தொகையை முழுத் தீர்வாக நான் ஏற்கவில்லை. ரூ.2,715-ஐ என் வங்கிக் கணக்கில் செலுத்தவும். மறுப்பதானால் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியே காரணம் எழுதவும்.
>
> இணைப்பு: மதிப்பீட்டுத் தாள், பில், கட்டிய ரசீது, ஆர்.சி., ஒர்க்‌ஷாப் சான்று, படங்கள், ரத்து செய்த காசோலை

ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியே காரணம் கேட்கிற வரியை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் மறுபடியும் "விதிப்படி" என்று ஒரே வரி வரும்.

வாசுகி | 22 பிப்ரவரி 2025

கூட்டிப் பார்த்தேன், 900 + 1,365 + 450 = 2,715, சரியாக இருக்கிறது. வயது விஷயத்தில் அவர்கள் 25-இல் நின்றால் என்ன ஆகும்?

குமரேசன் | 22 பிப்ரவரி 2025

அப்போது ஃபோர்க்கிலும் பைப்பிலும் எதுவும் வராது. பேனலுக்கும் மட்கார்டுக்கும் 25 போட்டால் 975 பிடித்தம், அதாவது 975 திரும்ப வரும். பெயின்டிங் 900. மொத்தம் 1,875. இதற்குக் கீழே அவர்கள் இறங்க நியாயம் இல்லை.

மணலி பாலு | 23 பிப்ரவரி 2025

பதில் வர எத்தனை நாள்?

குமரேசன் | 23 பிப்ரவரி 2025

14 நாள். வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் bimabharosa.irdai.gov.in தளத்தில் பதியலாம், 155255-க்கும் பேசலாம். அங்கே பதிந்தால் கம்பெனிக்கே திரும்பப் போகும், ஆனால் கண்காணிப்பில் இருக்கும். கணக்கு சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்கிற இடம் அது இல்லை. அதற்குக் காப்பீட்டு குறைதீர்ப்பாளர்தான்.

வாசுகி | 14 மார்ச் 2025

பதில் வந்தது. பெயின்டிங் 900 ஒப்புக்கொண்டார்கள். பக்கப் பேனல் தகடு என்று ஒப்புக்கொண்டு 25 சதவீதம் போட்டு 600 தருகிறார்கள். மொத்தம் 1,500 கணக்கில் வந்துவிட்டது. மட்கார்டு பிளாஸ்டிக்தான் என்று மறுத்துவிட்டார்கள். பழைய பாகம் ஸ்கிராப்பில் போய்விட்டது, சரிபார்க்க முடியாது என்கிறார்கள். வயதுக்கு "தயாரிப்பு மாதத்திலிருந்து எண்ணுவது எங்கள் நடைமுறை" என்று எழுதியிருக்கிறார்கள். பாலிசி வாசகம் எதையும் காட்டவில்லை.

யூசுப் | 14 மார்ச் 2025

பழைய மட்கார்டு எதற்கு? புதிதாக மாட்டியது அதே பார்ட் நம்பர்தானே, வண்டியிலேயே இருக்கிறது. பிடித்ததும் அந்தப் புதுப் பாகத்தின் விலையில்தான். இப்போது வண்டி எண்ணும் மட்கார்டும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி காந்தம் வைத்து எடுங்கள். முன்பு அனுப்பிய படத்தில் எது?

வாசுகி | 14 மார்ச் 2025

மட்கார்டு மட்டும் கிட்டத்தில் இருந்து எடுத்தது. எந்த வண்டி என்று தெரியாது. காந்தமும் கீழ் ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் துண்டும் படத்தில் விழுந்திருக்கிறது.

யூசுப் | 14 மார்ச் 2025

அதைப் பார்த்துத்தான் பிளாஸ்டிக் என்று எழுதியிருப்பார்கள். மேல் வளைவில், முன்னால் நடுவில் வைத்து எடுங்கள். வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது: நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து வெட்டாமல் மட்கார்டு வரை. முன் பிளேட் மட்கார்டுக்கு மேலேயே இருந்தால் ஒரே ஃபிரேமில் முடியும்.

காலடிப்பேட்டை ரவி | 15 மார்ச் 2025

மீதி 1,215 தானே. அதற்கு தேனாம்பேட்டை வரை அலைய வேண்டுமா?

குமரேசன் | 15 மார்ச் 2025

அலைய வேண்டியதில்லை. குறைதீர்ப்பாளர் அலுவலகம் அண்ணா சாலை 453, பாத்திமா அக்தர் கோர்ட், நான்காம் மாடி. புகாரை இணைய வழியாகவே போடலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் கூடாது. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் போட்டுவிட்டால் இங்கே எடுக்க மாட்டார்கள். இரண்டில் ஒன்று.

மட்கார்டு விஷயத்தை மட்டும் புதுப் படத்தோடு முதலில் கம்பெனிக்கே இன்னொரு மெயில் போடுங்கள். அது சான்று சம்பந்தப்பட்டது, பேசித் தீரும். வயதுக் கணக்கு அப்படி இல்லை. அது அவர்கள் எல்லாக் கிளைமிலும் செய்வது, ஒரு வண்டிக்காக விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மணலி பாலு | 15 மார்ச் 2025

வயதில் எனக்கு இன்னும் சந்தேகம். தயாரித்த நாளிலிருந்து ரப்பரும் இரும்பும் பழசாகத்தானே செய்கிறது? ஷோரூமில் ஆறு மாதம் நின்றாலும் வயதுதான். எண்ணூர் உப்புக் காற்றில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

குமரேசன் | 15 மார்ச் 2025

ரப்பருக்கு வயது பார்ப்பதே இல்லை, எப்போதும் 50. இரும்புக்கு நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, குறைதீர்ப்பாளர் முன் கம்பெனியும் அதைத்தான் சொல்லும். எதிர்வாதம் இதுதான்: ஓடாத வண்டியின் பாகம் தேயாது, பதிவுக்குப் பிறகுதான் வண்டி ரோட்டுக்கே வருகிறது, பாலிசியில் தெளிவில்லாத சொல்லை அதை எழுதிய கம்பெனிக்கு எதிராகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்பது காப்பீட்டு வழக்குகளில் நெடுநாளாக நிற்கிற கொள்கை. எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல முடியாது. உப்புக் காற்றுத் துரு வேறு விஷயம், அது பழைய சேதம் என்று தனி வரியில் வரும். இவர் தாளில் அப்படி வரி இல்லை, இனிமேல் சேர்க்கவும் முடியாது.

வாசுகி | 2 ஏப்ரல் 2025

மட்கார்டு வீடியோவைப் பார்த்துவிட்டு 375 அனுப்பினார்கள், 25 சதவீதக் கணக்கில். ஆக 1,875 வந்தாயிற்று. பாக்கி 840: ஃபோர்க், பைப்பில் 450, பேனலில் 240, மட்கார்டில் 150. பாலிசி முழுக்கத் தேடிவிட்டேன், தயாரிப்பு மாதம் என்ற சொல் ஐடிவி பகுதியில்கூட இல்லை. முகப்புத் தாளில் தயாரிப்பு வருடம் 2021 என்று ஒரு கட்டம், பதிவு நாள் என்று ஒரு கட்டம், அவ்வளவுதான். குறைதீர்ப்பாளருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குமரேசன் | 2 ஏப்ரல் 2025

மனுவில் 840 மட்டும் கேளுங்கள், தீர்ந்துபோன பெயின்டிங்கை மறுபடி இழுக்க வேண்டாம். 14 மார்ச் பதிலில் "எங்கள் நடைமுறை" என்ற வரியை அடிக்கோடிட்டு முதல் இணைப்பாக வையுங்கள். அடுத்து முகப்புத் தாள், பிறகு தேய்மான விகிதப் பக்கம்.

எர்ணாவூர் ஸ்டெல்லா | 3 ஏப்ரல் 2025

என் வண்டியில் எஞ்சின் கேஸ் உடையவில்லை, அடியில் ஆயில் போல்ட்தான் இழுபட்டு ஒழுகியது. அதற்கு ஆயில் கேட்கலாமா?

யூசுப் | 3 ஏப்ரல் 2025

போல்ட் மாற்றியது பில்லில் இருக்கிறதா, வண்டியைத் தூக்கி வரும்போது எடுத்த படத்தில் ஆயில் கறை தெரிகிறதா என்று பாருங்கள் அக்கா. இரண்டும் இருந்தால் கேளுங்கள்.